வாக்கியத்துக்குள் எண்: எப்போது எழுத்தால், எப்போது இலக்கத்தால்? முதன்முதலாக மலர் தொகுப்பவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பள்ளியின் நூற்றாண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கட்டுரைகளை வாங்குவதுதான் கடினமான வேலை என்று நினைத்திருந்தேன். கட்டுரைகள் 43 வந்து சேர்ந்தன. ஒருவர் ‘பதினேழு மாணவர்கள்’ என்றும், அடுத்தவர் ‘17 மாணவர்கள்’ என்றும், மூன்றாமவர் ஒரே பத்தியில் இரண்டு விதமாகவும் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே சீராக்கிவிடலாம் என்று கணினியில் ‘அனைத்தையும் மாற்று’ என்ற வசதியைப் பயன்படுத்தி, எண்ணுப்பெயர்களையெல்லாம் இலக்கங்களாக்கி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது ‘ஆறுதல்’ என்பது ‘6தல்’ ஆகியிருந்தது. ஆறுமுகம் என்ற பழைய மாணவர் ‘6முகம்’ ஆகியிருந்தார். ‘விபத்து’ என்ற சொல் ‘வி10’ என்று நின்றது. காவிரி ஆறு ‘காவிரி 6’ ஆக ஓடிக்கொண்டிருந்தது. முழுச் சொல்லாக மட்டும் தேடும்படி சொல்லியிருந்தால் முதல் மூன்று பிழைகள் நேர்ந்திருக்காது. நான்காவது அப்போதும் நேர்ந்திருக்கும்.

அந்தத் தவறைச் சரிசெய்ய 31 பக்கங்களை மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. பக்கத்துக்கு 40 ரூபாய் வீதம் 1,240 ரூபாயும் நான்கு நாட்களும் போயின. நீங்கள் மலரோ, ஆண்டறிக்கையோ, குடும்ப வரலாறோ தொகுக்கப் போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் வேலையைச் செய்தால் இந்தச் செலவு உங்களுக்கு வராது.

1. தொடங்கும் முன் ஒரு தாளில் முடிவுகளை எழுதுங்கள்

எந்தக் கட்டுரையையும் திறப்பதற்கு முன்பு, எண்களைப் பற்றிய உங்கள் முடிவுகளை ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தால் எழுதுவது எந்த எண் வரை, உருபுக்கு முன் இணைப்புக்கோடு உண்டா இல்லையா, ‘லட்சம்’ என்பதா ‘இலட்சம்’ என்பதா, ரூபாயைக் குறியால் காட்டுவதா சொல்லால் காட்டுவதா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். இவற்றுள் பலவற்றுக்குத் தமிழில் ஒரே ஒரு சரியான விடை கிடையாது. ஒரு பதிப்பகம் ‘1924-இல்’ என்று போடும், இன்னொன்று ‘1924இல்’ என்று போடும், நாளிதழ்கள் ‘1924-ல்’ என்று போடும். எதை எடுத்தாலும் தவறில்லை. மூன்றையும் ஒரே மலரில் எடுப்பதுதான் தவறு.

இந்தத் தாளின் ஒரு படியை அச்சகத்தில் தட்டச்சு செய்பவரிடமும் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை; அதனால் நான் திருத்திய ‘1924-இல்’ அனைத்தையும் அவர் தம் வழக்கப்படி ‘1924-ல்’ ஆக்கியிருந்தார். அவர் மீது குற்றமில்லை.

2. எல்லையைப் பத்தில் வையுங்கள்

ஒன்று முதல் பத்து வரை எழுத்தால், 11 முதல் இலக்கத்தால் என்பது தமிழ் உரைநடைக்கு நன்றாகப் பொருந்தும் எல்லை. பத்து வரையுள்ள எண்ணுப்பெயர்கள் குறுகியவை. கண் அவற்றைத் தடங்கலின்றிக் கடந்துபோகும். பத்தைத் தாண்டியதும் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளத் தொடங்குகின்றன. ‘முந்நூற்று எழுபத்தெட்டு மாணவர்கள்’ என்பதைப் படித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் எழுவாய் எது என்பது வாசகருக்கு மறந்துவிடும். ‘378 மாணவர்கள்’ என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

இந்த எல்லைக்கு மூன்று விலக்குகள் உண்டு.

முதலாவது, அளவை. கிலோமீட்டர், கிலோ, சதவீதம், டிகிரி போன்ற அளவைப் பெயருக்கு முன்னால் வரும் எண், பத்துக்குக் கீழே இருந்தாலும் இலக்கமாகவே இருக்கட்டும்: 2 கிலோமீட்டர், 5 சதவீதம். தேதி, மணி, பக்க எண், வீட்டு எண் ஆகியவற்றுக்கும் இதுவே.

இரண்டாவது, ஒப்பீடு. ஒரே வகையானவற்றை ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்துச் சொல்லும்போது, ஒன்று எல்லைக்கு மேலே போய்விட்டால் எல்லாவற்றையும் இலக்கமாக்கிவிடுங்கள். ‘ஏழு சிறுவர்களும் 14 சிறுமியரும்’ என்று எழுதினால், வாசகர் இரண்டையும் ஒப்பிடுவதற்கு மனத்துக்குள் ஒரு முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. ‘7 சிறுவர்களும் 14 சிறுமியரும்’ என்பதே சரி. ஆனால் ஒன்று என்ற எண் மட்டும் இதற்கும் கட்டுப்படாது. ‘1 ஆசிரியரும் 17 மாணவர்களும்’ என்பதை யாரும் அப்படிப் படிப்பதில்லை. ‘ஓர் ஆசிரியரும் 17 மாணவர்களும்’ என்றே படிப்பார்கள், ஆகையால் அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவது விலக்கு தமிழுக்கே உரியது. நம் எண்ணுப்பெயர்களில் சில வேறு பொருளும் தருபவை. ஆறு என்றால் நதி. கால் என்றால் பாதம். கோடி என்றால் முனை. எட்டு என்றால் கைக்கு எட்டு. ‘ஊருக்குள் ஆறு பாலங்கள் இருந்தன’ என்று ஒரு கட்டுரையில் வந்தது. பாலங்கள் ஆறா, ஆற்றின் மேலுள்ள பாலங்களா என்று எழுதியவரிடமே கேட்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் எல்லையைப் பார்க்காமல் ‘6 பாலங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

3. இலக்கமாக மாறவே கூடாதவற்றை முதலில் பிரித்து வையுங்கள்

கட்டுரையைத் திருத்தத் தொடங்கும்போது, எல்லா எண்ணுப்பெயர்களும் எண்ணிக்கையைச் சொல்வதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ‘ஒரு நாள் மழை பெய்தது’ என்பதில் உள்ள ‘ஒரு’ எண்ணிக்கை அன்று. யாரும் நாட்களை எண்ணவில்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதில் நால்வர் கிடையாது, ஊரே இருக்கிறது. ‘இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம்’, ‘நாலும் தெரிந்தவர்’, ‘ஏழரைச் சனி’ ஆகியவையும் அப்படியே. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, புறநானூறு, அறுபடைவீடு போன்ற பெயர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் என் மெய்ப்பில் ‘10ப்பாட்டு’ இருந்தது.

தோராயமாகச் சொல்லும் இரட்டை எண்கள் இன்னும் நுட்பமான பொறி. ‘நாலைந்து பேர்’ என்பதை ‘4, 5 பேர்’ என்று எழுதினால் பட்டியல் போலத் தோன்றும். ‘4-5 பேர்’ என்று எழுதினால் குறைந்தது நான்கு, மிகுந்தால் ஐந்து என்ற கறாரான வரம்பாகிவிடும். பேச்சில் நாலைந்து என்பவர் மூன்றையும் ஆறையும் மறுக்கவில்லை. எனவே நாலைந்து, ஏழெட்டு, பத்துப் பதினைந்து, நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆகியவை எழுத்தாலேயே இருக்க வேண்டும். ‘நூறு பேர் இருப்பார்கள்’ என்று உத்தேசமாகச் சொல்லும் முழு எண்ணையும் நான் எழுத்தாலேயே விடுகிறேன். ‘100 பேர்’ என்று அச்சில் பார்த்ததும் யாரோ தலையை எண்ணியிருக்கிறார்கள் என்று வாசகர் நம்பிவிடுகிறார்.

மக்களை எண்ணும் சொற்களான ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர் ஆகியவற்றுக்கு இலக்க வடிவமே இல்லை. அவற்றை மாற்றியே ஆக வேண்டிய இடத்தில் ‘3 பேர்’ என்று சொல்லையும் சேர்த்து மாற்றுங்கள். அரசர்களின் பெயரில் வரும் முதலாம், இரண்டாம் என்பனவும் மாறக்கூடாது. முதலாம் குலோத்துங்கனை ‘1-ஆம் குலோத்துங்கன்’ என்று எழுதினால் வாசகர் ஒன்றாம் குலோத்துங்கன் என்று படிக்க நேரிடும்.

4. வாக்கியத்தின் தலையில் நிற்கும் இலக்கத்தை நகர்த்துங்கள்

என்னிடம் வந்த கட்டுரைகளில் மிகுதியாக இருந்த சிக்கல் இதுதான். ஆங்கிலத்தில் வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இலக்கத்துக்குப் பெரிய எழுத்து இல்லை. ஆகவே இலக்கத்தில் தொடங்காதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது, பிறகு நமக்கு என்ன கவலை என்று நானும் கேட்டேன். மெய்ப்பைப் படித்தபோது கிடைத்த விடை வேறு. பெரிய எழுத்து இல்லாததால், தமிழில் ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டுவது முற்றுப்புள்ளி ஒன்றுதான். அந்தப் புள்ளியே தசமப் புள்ளியாகவும், மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவிலுள்ள புள்ளியாகவும், ‘ரூ.’ என்ற சுருக்கத்தின் புள்ளியாகவும், பட்டியல் எண்ணுக்குப் பின்வரும் புள்ளியாகவும் வேலை செய்கிறது. புள்ளியை அடுத்து இலக்கம் வந்தால், அது எந்த வேலையைச் செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு கட்டுரையில் இருந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்: ‘அன்று ஆசிரியரின் மாதச் சம்பளம் ரூ.12. 5 ஆண்டுகளில் அது இரு மடங்கானது.’ அச்சில் இடைவெளி சற்றுக் குறுகியதும் சம்பளம் பன்னிரண்டரை ரூபாய் ஆகிவிட்டது. மெய்ப்பு பார்த்த மூவரில் இருவர் அப்படியே படித்தார்கள், நான் உட்பட.

இன்னொரு தொல்லை கணினியால் வருவது. பத்தியின் முதலில் ‘3.’ என்பது போல இலக்கமும் புள்ளியும் வந்து இடைவெளி விட்டால், சொற்செயலி அதைப் பட்டியலின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு பத்தியை உள்ளே தள்ளி, அடுத்த பத்திக்குத் தானாகவே 4 என்று போட்டுவிடும்.

நகர்த்துவதற்கு நான்கு வழிகள் உண்டு. கீழே சொல்லும் வரிசையிலேயே முயன்று பாருங்கள்.

எளிய வழி, எழுத்தால் எழுதுவது. எண்ணுப்பெயர் ஒரே சொல்லாக இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ‘12-ஆம் வகுப்பு அப்போது இல்லை’ என்பதைப் ‘பன்னிரண்டாம் வகுப்பு அப்போது இல்லை’ என்று மாற்றலாம். எல்லை பத்துதான் என்றாலும் வாக்கியத்தின் தலையில் அது தளர்ந்துகொடுக்கும்.

அடுத்த வழி, சொற்களை இடம் மாற்றுவது. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கும் வரை மற்றவை பெரும்பாலும் இடம் மாறிக்கொள்ளும். ‘1956-இல் புதிய கட்டடம் எழுந்தது’ என்பதைப் ‘புதிய கட்டடம் 1956-இல் எழுந்தது’ என்று எழுதினால் போதும். ஆண்டில் தொடங்கும் வாக்கியங்களுக்கு இதுவே சிறந்த மருந்து. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில்’ என்று எழுத்தால் எழுதப் போனால் வாசகர் பாதி வழியில் இறங்கிவிடுவார்.

மூன்றாவது வழி, எண்ணைப் பெயருக்குப் பின்னால் வைப்பது. ‘37 மாணவர்கள் தேர்வு எழுதினர்’ என்பதை ‘மாணவர்கள் 37 பேர் தேர்வு எழுதினர்’ என்றும், ‘24 நாற்காலிகள் வாங்கப்பட்டன’ என்பதை ‘நாற்காலிகள் 24 வாங்கப்பட்டன’ என்றும் மாற்றலாம். இது கணக்கு எழுதுபவர்களின் பழைய வழக்கம். அறிக்கைகளில் இயல்பாக இருக்கும், கதை போன்ற நினைவுக் கட்டுரையில் சற்று விறைப்பாகத் தெரியும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. ‘12 புதிய வகுப்புகளுக்கான நாற்காலிகள்’ என்றால் 12 என்பது வகுப்புகளையா, நாற்காலிகளையா எண்ணுகிறது என்பது புரியாது; ‘புதிய வகுப்புகளுக்கான நாற்காலிகள் 12’ என்றால் புரியும். ஓர் இலக்கத்தின் பக்கத்தில் இன்னோர் இலக்கம் வந்து மோதும் இடத்திலும் இதுவே வழி: ‘20 5 ரூபாய் நாணயங்கள்’ என்பதை ‘ஐந்து ரூபாய் நாணயங்கள் 20’ ஆக்குங்கள்.

கடைசி வழி, முந்திய வாக்கியத்தோடு இணைத்துவிடுவது. தொடர்ந்து மூன்று வாக்கியங்கள் ஆண்டில் தொடங்கினால், அவற்றுள் இரண்டையாவது ‘அடுத்த ஆண்டே’, ‘அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து’ என்று தொடர்புபடுத்தி எழுதலாம். கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். இலக்கத்தை மறைப்பதற்காக அதற்கு முன்னால் ‘சுமார்’ அல்லது ‘மொத்தம்’ என்று ஒரு சொல்லை ஒட்டிவிடும் பழக்கம் பலருக்கும் உண்டு. ‘37 பேர் எழுதினர்’ என்பது ‘சுமார் 37 பேர் எழுதினர்’ ஆனால், பதிவேட்டில் எண்ணி எடுத்த எண் உத்தேசமாகிவிடுகிறது. தவிர, 37 என்று துல்லியமாகச் சொல்லிவிட்டுச் சுமார் என்பது நகைப்புக்கிடமாகும். ‘மொத்தம்’ என்ற சொல்லையும், உண்மையிலேயே பலவற்றைக் கூட்டி வந்த தொகையாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

தலைப்பு, அட்டவணை, படத்தின் கீழுள்ள குறிப்பு ஆகியவற்றில் இலக்கம் முதலில் வரலாம். அங்கே முந்திய வாக்கியம் இல்லை, ஆகவே புள்ளிச் சண்டையும் இல்லை.

5. இலக்கத்தோடு உருபைச் சேர்க்கும்போது

இலக்கத்தை வாய்விட்டுப் படித்தால் வரும் ஒலிக்கு ஏற்ப உருபு அமைய வேண்டும். ‘1924-இல்’, ‘12-ஆம்’, ‘100-ஐ’, ‘50-க்கு’ என்பன போல உருபை முழுதாக எழுதுங்கள். உருபுக்குப் பின் வல்லினம் மிகும் இடத்தில் இலக்கம் இருந்தாலும் மிகும்: ‘100-ஐத் தாண்டியது’, ‘50-க்குக் குறையாமல்’. இலக்கம் வந்துவிட்டாலே ஒற்று தேவையில்லை என்று நினைத்து நான் விட்டவை ஏராளம்.

உருபு இல்லாமல் இலக்கம் நேரே பெயரோடு சேரும்போது நிலைமை மாறுகிறது. எழுத்தால் எழுதினால் எட்டு, பத்து ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும்; எட்டுப் பேர், பத்துக் கட்டுரைகள் என்று எழுதுவோம். பத்து வரையுள்ள மற்ற முழு எண்களுக்குப் பின் மிகாது. ஐந்து பேர், ஏழு கட்டுரைகள் என்றே எழுதுவோம். இலக்கமாக எழுதினால் அந்த ஒற்றை வைக்க இடமே இல்லை. ‘10 கட்டுரைகள்’ என்று வெறுமனே எழுதுவதே வழக்கம். இலக்கத்திலிருந்து எழுத்துக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ஒற்றை நீங்கள்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வரியின் இறுதியில் ‘1924-’ என்று நின்று, ‘இல்’ அடுத்த வரிக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கும். சாதாரணக் கோட்டுக்குப் பதிலாக, Ctrl+Shift+- என்ற விசைகளை அழுத்தி உடையாத கோட்டைப் போடுங்கள். இலக்கத்துக்கும் அளவைப் பெயருக்கும் நடுவில் Ctrl+Shift+Space அழுத்தினால் ‘2’ ஒரு வரியிலும் ‘கிலோமீட்டர்’ அடுத்த வரியிலும் பிரியாது.

6. எழுத்தால் எழுதும்போது வரும் பிழைகள்

எழுத்தால் எழுதுவது என்று முடிவு செய்தவுடன் எழுத்துப்பிழைக்கும் கதவு திறந்துவிடுகிறது. முந்நூறு என்பதைப் பலரும் ‘முன்னூறு’ என்று எழுதுகிறார்கள். மூன்று நூறு என்ற பொருளில் ‘ந்நூ’ வர வேண்டும். அதேபோல ஐந்நூறு என்பதே சரியான வடிவம், ‘ஐநூறு’ அன்று. பன்னிரண்டு என்பது ‘பனிரெண்டு’ ஆகக் கூடாது. தொண்ணூறு, தொள்ளாயிரம், எண்ணூறு ஆகியவற்றை ஒரு முறை பார்த்து எழுதுங்கள்.

எண் தொடர்ந்தால் முன்னுள்ள சொல் உருமாறும் என்பதையும் கவனியுங்கள். நூறு தனித்து நின்றால் நூறு. பின்னால் எண் வந்தால் நூற்று. ஆயிரம் என்பது ஆயிரத்து ஆகும். ‘நூறு இருபது’ என்று எழுதினால் நூற்று இருபது அன்று, நூறோ இருபதோ என்று பொருள்படும்.

அரை, கால், முக்கால் ஆகியவற்றுக்கு எழுத்தே பாதுகாப்பு. ‘1.30 மணி நேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் நினைத்தது ஒன்றரை மணி நேரம். ‘1.30 மணிக்கு’ என்பது கடிகார நேரம், ‘1.5 மணி நேரம்’ என்பது கால அளவு. இரண்டும் கலந்ததும் எதுவும் விளங்காது. ஒன்றரை மணி நேரம் என்று எழுத்தால் எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

7. பணம்

உரைநடையில் ‘ரூ.’ அல்லது ‘ரூபாய்’ இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், ‘ரூ.500 ரூபாய்’ என்பது கட்டுரைதோறும் தலைகாட்டும். நன்கொடைப் பட்டியலில் ‘ரூ.3,45,600’ என்பது பொருந்தும். வாக்கியத்துக்குள் அதையே ‘3 லட்சத்து 45 ஆயிரத்து 600 ரூபாய்’ என்று எழுதுவது நாளிதழ்களின் வழக்கம். உரக்கப் படிக்கும்போது தடுமாற்றம் இராது. காற்புள்ளியை லட்ச முறையில் வைத்தால் ஆவணம் முழுவதும் அப்படியே வையுங்கள். ஒரு பக்கத்தில் 3,45,600, மறுபக்கத்தில் 345,600 என்று இருந்தால் தணிக்கையாளர் இரண்டையும் வட்டமிடுவார்.

ரசீது, காசோலை, ஒப்பந்தம் ஆகியவற்றில் மட்டும் தொகையை இரண்டு விதமாகவும் எழுத வேண்டும்: ‘ரூ.3,45,600 (ரூபாய் மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு மட்டும்)’. இது வெறும் சம்பிரதாயமன்று. இலக்கத்திலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே கொடுக்க வேண்டிய தொகை என்று, காசோலைகளுக்கான 1881-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இங்கே எழுத்தால் எழுதும் பகுதியை அவசரத்தில் கடைசியாக நிரப்பாதீர்கள். மலரின் கட்டுரைகளில் இந்த இரட்டை முறை வேண்டாம். அங்கே அது பத்திர வாசனையைக் கொண்டுவந்துவிடும்.

8. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

என்னிடம் வந்தவற்றுள் மிகவும் சிக்கலான பத்தி, பெயர் விவரங்களை நீக்கிய வடிவில், இது:

‘1924-ல் தொடங்கிய நம் பள்ளியில் 1 ஆசிரியரும் பதினேழு மாணவர்களும் இருந்தனர். ஆசிரியருக்குச் சம்பளம் ரூ.12. 5 ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை 100-ஐ தாண்டியது. 3 ஆசிரியர்கள் சேர்ந்தனர். 4, 5 பேர் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆறு கடந்து வந்தனர்.’

இலக்கத்தில் தொடங்கும் வாக்கியங்கள் நான்கு. முதல் வாக்கியத்தில் இடம் மாற்றினேன். ‘ஓர் ஆசிரியரும் 17 மாணவர்களும்’ ஆக்கினேன். மூன்றாவதை எழுத்தால் தொடங்கி, நான்காவதை அதனோடு இணைத்தேன். மாணவர் எண்ணிக்கை நூறு என்பது உத்தேசமா என்று கட்டுரையாளரைக் கேட்டேன். உத்தேசம் என்றார், எனவே எழுத்துக்கு மாற்றினேன். கடைசி வாக்கியத்தில் தோராய எண்ணை எழுத்தாக்கி, அளவையை இலக்கமாக்கி, ஆற்றை அதன் இடத்திலேயே ஓடவிட்டேன்.

‘நம் பள்ளி 1924-இல் தொடங்கியபோது ஓர் ஆசிரியரும் 17 மாணவர்களும் இருந்தனர். ஆசிரியருக்குச் சம்பளம் 12 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியதால் மேலும் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்தனர். நாலைந்து பேர் 2 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தனர்.’

‘மேலும்’ என்ற சொல்லை நான் சேர்த்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதையும் ‘தாண்டியதால்’ என்ற காரணத்தையும் சேர்ப்பதற்கு முன்பு, புதிய மூவரும் பழைய ஆசிரியரோடு கூடுதலாகச் சேர்ந்தவர்கள்தாமா என்று பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தேன். வாக்கியங்களை இணைப்பது சில நேரங்களில் புதிய செய்தியைச் சொல்லிவிடும். ஆதாரம் இல்லையென்றால் இணைக்காதீர்கள்.

9. அச்சகத்துக்குப் போகும் முன்

‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள். தேடுவதற்கு மட்டும் கணினியைப் பயன்படுத்தி, மாற்றுவதைக் கையால் செய்யுங்கள். லிபர்ஆபிஸ் வைத்திருந்தால் தேடல் பெட்டியில் Regular expressions என்பதைத் தேர்ந்துகொண்டு இதைத் தேடுங்கள்; இலக்கத்தில் தொடங்கும் பத்திகளும் வாக்கியங்களும் அகப்படும்:

```
(^|[.?!] +)[0-9]
```

மைக்ரோசாஃப்ட் வேர்டில் Use wildcards என்பதைத் தேர்ந்துகொண்டு இரண்டு முறை தேட வேண்டும். முதலாவது புள்ளியை அடுத்து இடைவெளிவிட்டு வரும் இலக்கங்களையும், இரண்டாவது பத்தியின் முதலில் வரும் இலக்கங்களையும் காட்டும்:

```
. [0-9]
^13[0-9]
```

தானாக இடப்பட்ட பட்டியல் எண்கள் இதில் அகப்படாது, ‘ரூ. 12’ போன்ற தேவையற்றவை சில அகப்படும். எனக்கு 96 பக்கங்களுக்கும் சேர்த்து இந்த வேலை இரண்டு மாலைப் பொழுதுகளில் முடிந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த 1,240 ரூபாயில் முன்னட்டைக்கு நல்ல தாள் வாங்கியிருக்கலாம்.

அச்சகத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பக்கம் அமைப்பதற்கு முன்பு வரும் திருத்தத்துக்குக் கட்டணம் உண்டா, அமைத்த பிறகு எவ்வளவு? நான் போன இடத்தில் முன்பு வருவதற்குக் கட்டணமில்லை, பின்பு வருவதற்கு மட்டும் உண்டு. எண்ணை எழுத்தாக்கும்போது வரி நீண்டு, சில நேரம் பத்தி அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிடும் என்பதால், பக்கம் அமைந்த பிறகு ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் அடுத்தடுத்த பக்கங்களுக்கும் சேர்த்தே வாங்குவார்கள். எண் வேலை முழுவதையும் கட்டுரைகள் கோப்பாக இருக்கும்போதே முடித்துவிட்டு, இறுதி மெய்ப்பில் வரி முனைகளையும், உருபு பிரிந்திருக்கிறதா என்பதையும், பொருளடக்கத்தின் பக்க எண்களையும் மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.